ஒரே ஃப்ரிட்ஜில் திரிந்த பாலும் உறைந்த இன்சுலினும்

போன மே மாதம் ஒரே வாரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு விஷயங்கள் நடந்தன. திங்கட்கிழமை காலை, முந்தின நாள் மாலை வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் வைத்திருந்த பால் அடுப்பில் ஏற்றியதுமே திரிந்துபோனது. மறுநாளும் அப்படியே. பால்காரரிடம் சொல்லி வேறு பாக்கெட் வாங்கிப் பார்த்தேன், வியாழக்கிழமை அதுவும் திரிந்தது. சனிக்கிழமை அம்மாவைச் சர்க்கரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். நாலு மாதமாக 140, 150 என்று இருந்த வெறும் வயிற்றுச் சர்க்கரை பத்து நாளாக 240க்குக் கீழே இறங்கவில்லை. சாப்பாட்டில் மாற்றம் இல்லை, ஊசியும் தவறவில்லை. டாக்டர் அளவைக் கூட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் நோட்டைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மருந்தை ஃப்ரிட்ஜ்ல எங்கம்மா வைக்கிறீங்க?"

ஃப்ரீஸருக்குக் கீழே இருக்கும் சில் ட்ரேயில், பின்பக்கம், என்றேன். வீட்டில் நல்ல குளிர்ச்சியான இடம் அதுதான் என்று பார்த்துப் பார்த்து வைத்திருந்தேன். பால் வேறு திரிய ஆரம்பித்ததால், மருந்தும் கெட்டுவிடக் கூடாதே என்று இன்னும் உள்ளே தள்ளி வைத்தேன். அவர் வீட்டுக்குப் போய் அந்தப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். அம்மா போடுவது 30/70 கலவை இன்சுலின். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டினால் ஒரே சீராகப் பால் மாதிரி ஆகவேண்டும். எங்கள் பாட்டிலில் சிறு சிறு கட்டிகள் மிதந்தன, கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது. எவ்வளவு உருட்டியும் கரையவில்லை. அது ஒருமுறை உறைந்து, பிறகு இளகிய மருந்து. உறைந்த இன்சுலினை இளக்கிப் பயன்படுத்தக் கூடாது, வேலை செய்யும் என்று நம்ப முடியாது, கொட்டிவிடத்தான் வேண்டும்.

புதுப் பாட்டில் வாங்கி வந்தோம். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பாலைத் திரிய வைக்கும் அளவுக்குச் சூடாகவும், மருந்தை உறைய வைக்கும் அளவுக்குக் குளிராகவும் ஒரே பெட்டி எப்படி இருக்க முடியும்? பதினோரு வருடமாக அந்த ஃப்ரிட்ஜைத் திறந்து மூடுகிறேன், உள்ளே எத்தனை டிகிரி என்று எனக்குத் தெரியவில்லை. திருகில் 3 என்று இருந்தது. அது டிகிரி இல்லை என்பதுகூட அப்போதுதான் உறைத்தது. 1 முதல் 7 வரை எழுதியிருக்கும் எண்கள் குளிர்ச்சியின் படிகள்தான். எண் கூடினால் குளிர் கூடும், அவ்வளவே. 3 வைத்தால் எத்தனை டிகிரி என்பது வீட்டுக்கு வீடு, மாதத்துக்கு மாதம் மாறும்.

எங்களுடையது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், 190 லிட்டர். மேலே சின்ன ஃப்ரீஸர், அதற்குக் கீழே சில் ட்ரே, இரண்டு கண்ணாடித் தட்டுகள், அடியில் காய்கறிப் பெட்டி. திருச்சியில் பாதி வீடுகளில் இதுதான் இருக்கும்.

முதலில் அளக்கக் கருவி வேண்டும். வீட்டில் இருந்த காய்ச்சல் தெர்மாமீட்டர் உதவவில்லை, அது உடம்புச் சூட்டை அளக்க மட்டும்தான், 32 டிகிரிக்குக் கீழே எதையும் காட்டாது. நெற்றிக்கு நேரே காட்டும் துப்பாக்கி வகை மேற்பரப்பின் சூட்டை மட்டும் பார்க்கும், பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கடைசியில் மீன் தொட்டி விற்கும் கடையில் கம்பி வைத்த சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைத்தது. ஒரு மீட்டர் நீளக் கம்பி, நுனியில் உணரும் முனை, எண் காட்டும் பெட்டி தனி. முனையை உள்ளே வைத்துவிட்டுப் பெட்டியை ஃப்ரிட்ஜுக்கு வெளியே ஒட்டிக்கொள்ளலாம், அதனால் கதவைத் திறக்காமலே படிக்க முடிகிறது. கம்பி மெல்லியது, கதவு ரப்பருக்கு நடுவே போனாலும் கதவு மூடிக்கொள்கிறது.

விலை குறைந்த கருவியை அப்படியே நம்பிவிடக் கூடாது என்று சரிபார்த்தேன். ஐஸைப் பொடித்து டம்ளர் நிறையப் போட்டு, இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கினேன். ஐஸும் தண்ணீரும் சேர்ந்திருக்கும்வரை அந்தக் கலவை 0 டிகிரியில்தான் நிற்கும். முனையை நடுவில் பிடித்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கருவி 1 என்றது. சரி, இந்தக் கருவி ஒரு டிகிரி கூட்டிச் சொல்கிறது, வரும் எண்ணிலெல்லாம் ஒன்றைக் கழித்துக்கொண்டால் போதும். கீழே நான் எழுதும் எண்கள் எல்லாம் கழித்தவைதான்.

முதல் நாள் முனையைச் சும்மா தட்டில் போட்டுக் கதவை மூடினேன். பத்து நிமிடத்தில் 9, பிறகு 6, கம்ப்ரசர் நின்றதும் 10, கதவைத் திறந்து மூடினால் 17. எதை நம்புவது? அது அளந்தது காற்றை. காற்று நொடியில் சூடாகும், நொடியில் குளிரும். ஆனால் கெட்டுப்போவது காற்று இல்லை, உள்ளே இருக்கும் பாலும் குழம்பும்தான். அதனால் எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, முனையை அதற்குள் தொங்கவிட்டு, மேலே தட்டு போட்டு மூடி, இரவு முழுக்க விட்டேன். தண்ணீர் மெதுவாகத்தான் மாறும். காலையில் முதல் ஆள் கதவைத் திறக்கும் முன் அது காட்டும் எண்தான் அந்த இடத்தில் வைக்கும் உணவின் உண்மையான நிலை.

ஒரே கருவி என்பதால் ஓரிடத்துக்கு ஒரு நாள் என்று ஆறு நாள் அளந்தேன். காலை ஐந்தரைக்கு ஒருமுறை, இரவுச் சமையல் முடிந்து எட்டரைக்கு ஒருமுறை. இந்த இரண்டாவது அளவை எடுக்காமல் விட்டிருந்தால் பாதி உண்மைதான் தெரிந்திருக்கும். ராத்திரி முழுக்க மூடியே இருக்கும் ஃப்ரிட்ஜ் காலையில் தன் நல்ல முகத்தைக் காட்டும். இட்லி மாவு, தேங்காய், கறிவேப்பிலை, தண்ணீர் பாட்டில் என்று மாலை முழுக்கத் திறந்து மூடிய பிறகு எப்படி இருக்கிறது என்பது வேறு.

நடுத்தட்டு காலையில் 8, இரவில் 10. கீழ்த்தட்டும் கிட்டத்தட்ட அதேதான். காய்கறிப் பெட்டி 11. கதவின் மேல் அடுக்கு, பால் வைத்திருந்த இடம், காலையில் 11, இரவில் 15. சில் ட்ரேயின் முன்பக்கம் 2. மருந்து இருந்த பின்மூலையில் டம்ளர் தண்ணீரின் ஓரத்தில் மெல்லிய ஐஸ் கட்டியிருந்தது, கருவி பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தது.

ஒரே பெட்டிக்குள் பதினைந்து டிகிரி வித்தியாசம். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

எவ்வளவு இருக்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமைத்த உணவு, பால், மீன், கறி எல்லாம் 5 டிகிரிக்கு மேல் போகாமல் இருக்கவேண்டும், 4 என்றால் இன்னும் நல்லது. இன்சுலினுக்கு 2 முதல் 8 வரை. இரண்டும் சேரும் இடம் 2க்கும் 5க்கும் நடுவே உள்ள மூன்று டிகிரிதான். ஃப்ரிட்ஜ் கிருமிகளைக் கொல்வதில்லை, அவை பெருகும் வேகத்தைத்தான் குறைக்கிறது. 4 டிகிரியில் கூடப் பாலைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாக வளர்ந்துகொண்டுதான் இருக்கும். 11, 15 என்று போனால் ஒரு ராத்திரி போதும், அவை உண்டாக்கும் புளிப்பு பாலில் ஏறிவிடும். பச்சையாக இருக்கும்போது நாக்குக்குத் தெரியாத அந்தப் புளிப்பு, அடுப்பில் சூடு ஏறியதும் பாலைத் திரித்துவிடுகிறது.

அளக்கும் முன்பே ஃப்ரிட்ஜ் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இட்லி மாவு. புளித்ததும் உள்ளே வைத்த மாவு நல்ல குளிரில் அப்படியே அடங்கியிருக்கும். அந்த ஏப்ரலில் எங்கள் மாவு உள்ளே போன பிறகும் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு தட்டில் வழிந்தது. "வெயில் காலம்ல, அப்படித்தான் பொங்கும்" என்று அம்மா சொன்னார், நானும் துடைத்துவிட்டுப் போனேன். வெயில் வெளியேதான். உள்ளே மாவு பொங்குகிறது என்றால் உள்ளே சூடாக இருக்கிறது என்றுதான் பொருள். காலையில் உறையவைத்து உள்ளே வைத்த தயிர் மறுநாளே கடும் புளிப்பாக இருப்பதும் இதே செய்திதான். ஆனால் கையை உள்ளே விட்டுப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். வெளியே 38 டிகிரி, உள்ளே 10 டிகிரி. கைக்கு அது ஜில்லென்றுதான் இருக்கும்.

ஏன் சூடாகிறது என்று கண்டுபிடிக்க ஒரு மெக்கானிக்கை அழைத்தேன். முதலில் வந்தவர் திறந்து பார்த்த இரண்டாவது நிமிடம், "கேஸ் போயிருக்குங்க, ஏத்தணும்" என்றார். மனசு ஒப்பவில்லை, இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். பக்கத்துத் தெருவில் நாற்பது வருடமாக இந்த வேலை செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் வந்ததும் ஃப்ரீஸர் கதவைத் திறந்து டார்ச் அடித்து உள்சுவர் முழுக்கப் பார்த்தார்.

"கேஸ் கொறஞ்சிருந்தா பனி ஒரு பக்கம் மட்டும் புடிக்கும்மா, மீதித் தகடு மொட்டையா இருக்கும். இங்க நாலு பக்கமும் ஒரே மாதிரிப் புடிச்சிருக்கு. கேஸ் நல்லாத்தான் இருக்கு. பனிதான் உங்களுக்கு வினை."

"பனி இருந்தா இன்னும் குளிரத்தானேண்ணே செய்யணும்?"

அவர் தன் சட்டையைத் தொட்டுக் காட்டினார். "கம்பளி போத்திக்கிட்ட மாதிரிம்மா. உள்ள இருக்கிற குளிர் வெளிய வரவிடாது."

பிறகு நிதானமாக விளக்கினார். இந்த வகை ஃப்ரிட்ஜில் விசிறி கிடையாது. ஃப்ரீஸரைச் சுற்றியிருக்கும் உலோகத் தகடுதான் குளிரும். அதைத் தொட்ட காற்று கனத்து, கீழே இறங்கித் தட்டுகளைக் குளிர்விக்கும், கீழே சூடான காற்று மேலேறும். தகட்டின் மேல் ஒரு விரல்கடை தடிமனுக்குப் பனி படிந்தால் காற்று தகட்டைத் தொடுவதே இல்லை. அதோடு, கம்ப்ரசரை எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யும் தெர்மோஸ்டாட்டின் குழாய் அந்தத் தகட்டோடு ஒட்டியிருக்கிறது. பனிப் போர்வைக்குள் தகடு சீக்கிரம் குளிர்ந்துவிடும், போதும் என்று கம்ப்ரசரை நிறுத்திவிடும். கீழே தட்டில் 10 டிகிரி இருப்பது அதற்குத் தெரியாது. மேலே உறைவதும் கீழே கெடுவதும் ஒரே காரணத்தால்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

திருகின் நடுவே இருந்த டிஃப்ராஸ்ட் பொத்தானை நான் எப்போது கடைசியாக அழுத்தினேன் என்று நினைவில்லை. அன்று எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மின்சாரத்தை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து, ஃப்ரீஸருக்குள் ஒரு பாத்திரம் வெந்நீர் வைத்தோம். இரண்டரை மணி நேரத்தில் பனி பலகை பலகையாகக் கழன்று வந்தது. என் கை கத்தியைத் தேடியதைப் பார்த்துப் பெரியவர் தடுத்தார். தகட்டுக்குள்ளேயே கேஸ் ஓடும் பாதை இருக்கிறது, கத்தி முனை பட்டு ஓட்டை விழுந்தால் ஃப்ரீஸரையே மாற்றவேண்டி வரும். பனி தானாகத்தான் விழவேண்டும்.

பனி ஏன் அவ்வளவு சேர்ந்தது என்பதற்கும் அவரே பத்து ரூபாய் நோட்டை எடுத்தார். நோட்டைக் கதவு ரப்பருக்கும் பெட்டிக்கும் நடுவே பாதி வெளியே இருக்கும்படி வைத்துக் கதவை மூடி, மெதுவாக இழுக்கவேண்டும். பிடித்து இழுக்கும் உணர்வு இருந்தால் ரப்பர் சரி. கதவைச் சுற்றி ஒவ்வொரு சாண் இடைவெளியிலும் இப்படிப் பார்த்தோம். கீழ் மூலையில், கீல் பக்கம், நோட்டு அதுவாகவே நழுவி வந்தது. அந்த மடிப்பில் பழைய மாவும் பால் கறையும் காய்ந்து பிடித்திருந்தன. அங்கேதான் வெளிக்காற்று நுழைகிறது. வெளிக்காற்றோடு ஈரம் வருகிறது, ஈரம்தான் பனியாகிறது. சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து மடிப்புக்குள் துடைத்து, சுடுநீரில் பிழிந்த துணியை அந்த மூலையில் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தோம். ரப்பர் இளகி வடிவத்துக்கு வந்தது. அதன் பிறகு நோட்டு நின்றது. நிற்காவிட்டால் ரப்பரை மாற்றவேண்டும் என்றார்.

இன்னொன்றும் இருந்தது, அதைக் கண்டுபிடித்தது நான்தான். கறை படியாமல் இருக்கத் தட்டுகளின் மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு வாங்கிப் போட்டிருந்தேன். அது தட்டைவிட நீளமாக இருந்ததால் பின்பக்க இடைவெளிக்குள் மடிந்து தொங்கியது. காற்று மேலிருந்து இறங்கும் வழியே அந்த இடைவெளிதான். சில் ட்ரேயின் அடியில் ஒரு பாக்கெட் மல்லிகைப்பூ வேறு மேல் காற்றை அடைத்துக்கொண்டு இருந்தது. விரிப்பை எடுத்துவிட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளலாம். இப்போது பாத்திரங்களுக்கு நடுவே ஒரு விரல் நுழையும்படியும், பின்சுவரைத் தொடாமலும் வைக்கிறேன். அம்மாவுக்கு அந்த விரிப்பை எடுத்தது மட்டும் இன்னும் வருத்தம்தான்.

திருகை 5க்கு வைத்தோம். ஒரு முழு நாள் விட்டுத்தான் அடுத்த அளவு எடுக்கவேண்டும், உடனே எடுத்தால் பொருந்தாது. மறுநாள் காலை நடுத்தட்டு 4, இரவு 5. சில் ட்ரே முன்பக்கம் 1. காய்கறிப் பெட்டி 8.

கதவின் மேல் அடுக்கு காலையில் 7, இரவில் 10.

இந்தக் கடைசி எண்ணைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஃப்ரிட்ஜ் சரியாகிவிட்டது, நடுத்தட்டு 4இல் நிற்கிறது, அப்போதும் கதவு 5க்கு வரவே இல்லை. பழுது இல்லை, கதவு அப்படித்தான் இருக்கும். குளிரும் தகட்டிலிருந்து தொலைவில் இருக்கிறது, வெளிச்சூட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு பலகைதான், திறக்கும் ஒவ்வொரு முறையும் முழுவதும் அறைக்குள் வந்து நிற்கிறது. உள்தட்டில் இருக்கும் பாத்திரம் அந்த அரை நிமிடமும் குளிருக்குள்ளேயே இருக்கிறது. கதவில் இருக்கும் பால் மே மாதத்துச் சமையலறையில் நிற்கிறது. கதவில் பாட்டில் வைக்க ஆழமான அடுக்கு கொடுத்திருப்பதைப் பார்த்து அதுதான் பாலுக்கு இடம் என்று நினைத்துவிட்டேன். கொதிக்கவைத்த பாலையும் அங்கேதான் வைத்தேன்.

பாலை இப்போது சில் ட்ரேயின் முன்பக்கம் வைக்கிறேன். சிலநாள் ஓரத்தில் கொஞ்சம் ஐஸ் கட்டும், பாலுக்கு அதனால் கெடுதல் இல்லை. தயிர், மாவு, மிச்சக் குழம்பு, சோறு எல்லாம் நடுத்தட்டிலும் கீழ்த்தட்டிலும். கதவில் தண்ணீர் பாட்டில், ஊறுகாய், ஜாம், தக்காளி சாஸ், எலுமிச்சை. உப்பும் புளிப்பும் சர்க்கரையும் தானே காத்துக்கொள்ளும் பொருட்கள் அவை, 10 டிகிரி அவற்றை ஒன்றும் செய்யாது. முட்டைக்குக் கதவில் குழி செய்து கொடுத்திருக்கிறார்கள், ஆனாலும் டப்பாவில் போட்டு உள்ளே வைத்துவிட்டேன். காய்கறிப் பெட்டியின் 8 டிகிரியைக் குறைக்க முயற்சி செய்யவில்லை. கத்தரிக்காய்க்கும் வெள்ளரிக்காய்க்கும் அதிகக் குளிர் ஆகாது, தோல் குழிவிழுந்து உள்ளே கறுத்துவிடும்.

மீன் வாங்கும் நாளில் மட்டும் ஒரு சிக்கல். பச்சை மீனும் கறியும் மற்ற உணவுக்குக் கீழேதான் இருக்கவேண்டும், அதன் தண்ணீர் எதன்மேலும் சொட்டக் கூடாது. ஆனால் எங்கள் ஃப்ரிட்ஜில் மிகவும் குளிரான இடம் மேலே இருக்கிறது. அதனால் மீனை இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வைத்து, டப்பாவை ஒரு விளிம்புத் தட்டில் நிறுத்தி, சில் ட்ரேயில் வைக்கிறேன். அன்றைக்கே சமைக்கவில்லை என்றால் ஃப்ரீஸர்தான்.

அம்மாவின் மருந்துக்கு நடுத்தட்டின் மையம். அட்டைப்பெட்டியோடு ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள், பின்சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி. அந்த டப்பாவுக்குள்ளேயே ஒரு வாரம் முனையை வைத்துப் பார்த்தேன். காலை, இரவு, மின்தடை நாள் எல்லாம் சேர்த்து 4க்கும் 7க்கும் நடுவே இருந்தது. அது போதும். மேலே ஃப்ரீஸர் பக்கமோ கதவிலோ வைப்பதில்லை என்று டப்பாவின் மூடியில் எழுதி ஒட்டிவிட்டேன், ஏனென்றால் ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்யும் நாளில் யார் எதை எங்கே திருப்பி வைப்பார்கள் என்று சொல்ல முடியாது. புது மருந்தில் பன்னிரண்டு நாளில் அம்மாவின் வெறும் வயிற்றுச் சர்க்கரை 160க்கு வந்தது. டாக்டர் அளவைக் கூட்டவில்லை.

என் தங்கை சென்னையில் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் வைத்திருக்கிறாள். பனியே பிடிக்காது, எனக்கு இந்தக் கவலை இல்லை என்றாள். தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். அந்த வகையில் விசிறி, ஃப்ரீஸர் குளிரைப் பின்சுவரில் இருக்கும் துளைகள் வழியாகக் கீழே ஊதுகிறது. அவள் மேல்தட்டில் பெரிய சாம்பார்ப் பாத்திரத்தை அந்தத் துளைக்கு நேராக ஒட்டி வைத்திருந்தாள். பாத்திரத்துக்குப் பின்னால் சிக்கியிருந்த கொத்தமல்லிக்கட்டு கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது, கீழ்த்தட்டு 9 டிகிரி. பாத்திரத்தை ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்தோம், வேறு எதையும் தொடவில்லை. மறுநாள் காலை கீழ்த்தட்டு 5 என்று போன் செய்தாள். வகை மாறினால் குளிரான மூலை மாறும். ஆகவே என் வீட்டு எண்களை யாரும் தங்கள் ஃப்ரிட்ஜுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம், டம்ளர் தண்ணீரை அவரவர் வீட்டில்தான் வைத்துப் பார்க்கவேண்டும்.

சூடான குழம்பை அப்படியே உள்ளே வைத்தால் என்ன ஆகிறது என்றும் ஒருநாள் பார்த்தேன். மூன்று லிட்டர் சாம்பார், ஆவி பறக்க, கீழ்த்தட்டில். பக்கத்தில் இருந்த டம்ளர் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் 4இலிருந்து 9க்கு ஏறியது, திரும்ப 5க்கு வர ராத்திரி ஆகிவிட்டது. அதற்காக இரவு முழுக்க அடுப்பு மேடையில் ஆறவைப்பதும் தவறு. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும், முக்கியமாகச் சோற்றை. சோற்றில் வேகவைத்தாலும் சாகாமல் தங்கும் கிருமி வித்துகள் இருக்கும், வெதுவெதுப்பில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இப்போது குழம்பை இரண்டு அகலமான பாத்திரங்களில் பிரித்து, குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் நிறுத்திவிடுகிறேன். அரை மணி நேரத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும், பிறகு உள்ளே.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எங்கள் பகுதியில் காலை 9 மணிக்கு ஆரம்பிக்கும். கதவைத் திறக்கவே கூடாது என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு அளந்தேன். 9 மணிக்கு நடுத்தட்டில் 4, 11 மணிக்கு 5, 1 மணிக்கு 7. மூடியே வைத்தால் நாலு மணி நேரம் தாங்கும் என்று பொதுவாகச் சொல்வது எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய சரியாகவே இருந்தது. அதற்குப் பிறகு மீனும் கறியும் மிச்சக் குழம்பும் நம்பத் தகுந்தவை இல்லை. அந்த நாளுக்கு முந்தின இரவே ஃப்ரீஸரில் இரண்டு பாட்டில் தண்ணீரை உறையவைத்து, காலையில் மின்சாரம் போகுமுன் ஒன்றை நடுத்தட்டில், மருந்து டப்பாவைத் தொடாமல் தள்ளி, வைத்துவிடுகிறேன். அடுத்த மாதம் இப்படிச் செய்தபோது 1 மணிக்கு 5தான் இருந்தது.

டிசம்பரில் இன்னொரு முறை அளந்தேன். யாரும் திருகைத் தொடவில்லை, 5இலேயே இருந்தது. ஆனால் சமையலறை இரவில் 23 டிகிரிக்கு இறங்கியிருந்தது. நடுத்தட்டு காலையில் 1. மருந்துக்கு 2க்குக் கீழே போகக் கூடாது. தெர்மோஸ்டாட் தகட்டின் குளிரைத்தான் பார்க்கிறது. வெளியிலிருந்து சூடு குறைவாக நுழையும் மாதங்களில் அதே தகட்டுக் குளிர் தட்டுகளை இன்னும் அதிகமாகக் குளிர்வித்துவிடும். திருகை 3க்கு இறக்கினேன், மறுநாள் 4 வந்தது. மே மாதத்தில் எங்களை ஏமாற்றிய அதே 3, மார்கழியில் சரியாக இருந்தது.

சித்திரை பிறந்ததும் ஒருமுறை, ஐப்பசி மழை தொடங்கியதும் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை என்று காலண்டரில் குறித்துவைத்திருக்கிறேன். பனி அரை விரல்கடை தடிமன் ஆனதும் பொத்தானை அழுத்திவிடுகிறேன். தெர்மாமீட்டர் இப்போது ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் நிரந்தரமாக ஒட்டியிருக்கிறது, முனை மருந்து டப்பாவுக்குள். காலையில் ஊசி போடும் முன் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த எண்ணைப் படிக்கிறார். "இன்னிக்கு அஞ்சு" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். சர்க்கரை எழுதும் நோட்டில், அந்த நாளின் சர்க்கரைக்குப் பக்கத்திலேயே, அதையும் எழுதிவைத்துவிடுவார்.